"வீ யூஸ்" என்பதா, "வீ ஆர் யூசிங்" என்பதா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசருக்கு உதவியாளராக இருக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள். போன வாரம் வெளிநாட்டு பையர் ஒருவர் போனில், என்ன நூல் போடுகிறீர்கள் என்று கேட்டார். "வீ ஆர் யூசிங் கோம்டு யார்ன்" என்றேன். உடனே, "இந்த ஆர்டருக்கு மட்டுமா, எப்போதுமேவா?" என்று திருப்பிக் கேட்டார். எங்கள் கம்பெனியில் எப்போதுமே அதுதான். நான் எங்கே தப்பு செய்தேன்? சிம்பிள் பிரசன்ட், பிரசன்ட் கன்டினியூயஸ் இரண்டையும் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறேன். பேசும்போது மட்டும் எதைப் போடுவது என்று தெரியாமல் நாக்கு நின்றுவிடுகிறது.
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: நீங்கள் சொன்ன வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. வாக்கியம் சரி, ஆனால் அது நீங்கள் நினைத்ததைச் சொல்லவில்லை. "ஆர் யூசிங்" என்றதும் பையர் காதில் விழுந்தது, "இப்போதைக்கு கோம்டு போட்டுக்கிட்டு இருக்கோம்" என்பதுதான். இப்போதைக்கு என்றால் அடுத்த ஆர்டரில் கார்டட் நூலுக்கு மாறலாம் என்று பொருள் வந்துவிடுகிறது. கோம்டுக்கும் கார்டடுக்கும் விலையிலும் துணியின் வழவழப்பிலும் வித்தியாசம் இருப்பதால் அவர் விட்டுவிடாமல் திருப்பிக் கேட்டார். "வீ யூஸ் கோம்டு யார்ன்" என்று சொல்லியிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. இதுதான் எங்கள் வழக்கம், எங்கள் கம்பெனி இப்படித்தான் என்று அந்த ஒரு சொல்லே சொல்லிவிடும்.

நாக்கு நிற்பதற்குக் காரணம் உங்கள் மனப்பாடம் அல்ல. தமிழில் இந்த இரண்டுக்கும் ஒரே வினைவடிவம் போதும். "பஸ்ல போறேன்" என்று ஒருவர் சொல்கிறார். "தினமும் கம்பெனிக்கு எப்படிப் போறீங்க?" என்ற கேள்விக்கும் அது பதிலாகும், "இப்ப எங்க இருக்கீங்க, இரைச்சலா இருக்கே?" என்ற கேள்விக்கும் அதுவே பதிலாகும். வழக்கமா, இந்த நிமிஷமா என்பதைத் தமிழில் பக்கத்தில் இருக்கும் சொல்லும் கேட்ட கேள்வியும் காட்டிவிடும். வினைச்சொல் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அதை வினையே சுமக்க வேண்டும். முதல் கேள்விக்கு "ஐ கோ பை பஸ்". இரண்டாவதற்கு "ஐ ஆம் கோயிங் பை பஸ்" அல்லது இன்னும் இயல்பாக "ஐ ஆம் ஆன் த பஸ்". தமிழில் யோசித்து "போறேன்" என்ற ஒரு சொல்லோடு ஆங்கிலத்துக்கு வருகிறவருக்கு முன்னால் இரண்டு கதவுகள் நிற்கின்றன. பெரும்பாலானவர்கள் "ஆம் கோயிங்" கதவைத்தான் திறக்கிறார்கள். சொல் நீளமாக இருப்பதால் அது முழு ஆங்கிலம் போலத் தோன்றுகிறது.

ஆனால் தமிழிலேயே இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் வடிவங்களும் இருக்கின்றன. அவற்றை உரைகல்லாக வைத்துக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டியதை முதலில் பேச்சுத் தமிழில் நினையுங்கள். அதில் "-கிட்டு இருக்கேன், -கிட்டு இருக்கோம்" பொருத்திப் பாருங்கள். பொருள் கெடாமல் பொருந்தினால் பிரசன்ட் கன்டினியூயஸ். அடுத்து "வழக்கமா" என்று தொடங்கி "-வேன், -வோம், -உம்" என்று முடித்துப் பாருங்கள். அது பொருந்தினால் சிம்பிள் பிரசன்ட்.

உங்கள் வாக்கியத்தையே உரசிப் பார்ப்போம். "வழக்கமா கோம்டு நூல்தான் போடுவோம்." கச்சிதமாகப் பொருந்துகிறது. "இப்ப கோம்டு நூல் போட்டுக்கிட்டு இருக்கோம்." இதைச் சொல்லும்போதே, முன்னால் வேறு போட்டோம் என்பது போல ஒரு நெருடல் உங்களுக்கே தட்டுப்படும். அந்த நெருடல்தான் பையருக்கும் தட்டுப்பட்டது. ஆகவே "வீ யூஸ்". இப்போது இன்னொன்று: "கட்டிங் டேபிள்ல உங்க ஆர்டரை வெட்டிக்கிட்டு இருக்காங்க." இது பொருந்துகிறது. "வழக்கமா உங்க ஆர்டரை வெட்டுவாங்க" என்றால் அபத்தமாக இருக்கிறது. ஆகவே "தே ஆர் கட்டிங் யுவர் ஆர்டர்".

இந்த உரைகல்லில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. பள்ளிப் பாடங்களில் அதிகம் பேசப்படாதது என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். வழக்கத்தைச் சொல்ல நாம் பயன்படுத்தும் "-வேன், -வோம், -உம்" எல்லாம் எதிர்காலத்துக்கும் உரியவை. "காலைல அஞ்சரைக்கு எந்திரிப்பேன்", "ஒவ்வொரு பீஸையும் செக் பண்ணுவோம்", "சனிக்கிழமை சம்பளம் போடுவாங்க" எல்லாமே பழக்கம்தான். ஆனால் எதிர்காலத்துக்கு "வில்" என்று நாம் படித்திருப்பதால், கை தானாக அங்கே போகிறது. "ஐ வில் கெட் அப் அட் ஃபைவ் தர்ட்டி", "வீ வில் செக் எவ்ரி பீஸ்" என்று வருகிறது. இரண்டாவது வாக்கியத்தைப் பையர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று யோசியுங்கள். "இனிமேல் செக் பண்ணுகிறோம்" என்று வாக்குக் கொடுப்பது போலத்தான் அது விழும். அப்படியானால் இதுவரை செய்யவில்லையா என்ற சந்தேகம் அவருக்கு வருவது இயல்பு. நீங்கள் சொல்ல வேண்டியது "வீ செக் எவ்ரி பீஸ்". தமிழில் "-வோம்" வந்தது என்பதற்காக "வில்" போடாதீர்கள். அந்த "-வோம்" நாளைக்கு நடப்பதா, எப்போதும் நடப்பதா என்று ஒரு கணம் பிரித்துப் பாருங்கள். எப்போதும் நடப்பது என்றால் வெறும் வினைச்சொல் போதும்.

எதிர்மறையில் இந்தப் பள்ளம் இன்னும் ஆழம். "நாங்க எம்பிராய்டரி பண்ண மாட்டோம்" என்று தமிழில் சொன்னால், அது எங்கள் தொழிலில் இல்லை என்று சாதாரணமாகப் பொருள்படும். அதையே "வீ வோன்ட் டூ எம்பிராய்டரி" என்று ஆங்கிலமாக்கினால், "செய்ய முடியாது போ" என்று முகத்தில் அடித்தது போல ஆகிவிடும். "வோன்ட்" என்பதில் மறுப்பும் பிடிவாதமும் தொனிக்கும். "வீ டோன்ட் டூ எம்பிராய்டரி" என்றால் மரியாதையான தகவல்; அந்த வேலைக்கு வேறு யூனிட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு தொடரும். "எங்க சார் காபி குடிக்க மாட்டார்" என்பதும் இப்படித்தான். "ஹீ டஸ் நாட் டிரிங்க் காபி" என்றால் பழக்கம் இல்லை. "ஹீ வோன்ட் டிரிங்க் காபி" என்றால் கொடுத்தும் வேண்டாம் என்கிறார்.

எதிர்மறையில் இன்னொரு சொல்லும் நம்மைக் குழப்பும். "மிஷின் ஓடலை" என்று சூப்பர்வைசர் வந்து சொல்கிறார். நேற்று ஓடவில்லையா, இப்போது ஓடாமல் நிற்கிறதா என்று அந்தச் சொல்லை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். நேற்று என்றால் "த மெஷின் டிட் நாட் ரன்". இப்போது கரண்ட் போய் நிற்கிறது என்றால் "த மெஷின் இஸ் நாட் ரன்னிங்". ஞாயிற்றுக்கிழமைகளில் அதை ஓட்டுவதே கிடையாது என்றால், தமிழில் "ஓடாது" என்போம், ஆங்கிலத்தில் "த மெஷின் டஸ் நாட் ரன் ஆன் சண்டேஸ்". பையரிடம் தாமதத்துக்குக் காரணம் சொல்லும்போது மூன்றாவதை முதலாவதோடு மாற்றிச் சொன்னால், ஒரு நாள் கோளாறு நிரந்தரக் கோளாறாகிவிடும்.

வடிவத்தைப் பற்றிச் சுருக்கமாக. சிம்பிள் பிரசன்டில் வினை அப்படியே நிற்கும். ஹீ, ஷீ, இட் அல்லது ஒருமைப் பெயர் வந்தால் மட்டும் கடைசியில் ஒரு "ஸ்" ஒட்டும். தமிழில் ஏன், ஆய், ஆன், ஆள், ஆர், ஓம் என்று ஆளுக்கொரு விகுதி சேர்த்துப் பழகிய நமக்கு இது மிகக் குறைவு. ஆனாலும் பேச்சில் அதிகம் விழுந்துபோவது இந்த "ஸ்"தான். "த கியூசி டீம் செக்ஸ் எவ்ரி பீஸ்" என்பதில் "டீம்" ஒருமை, ஆகவே "செக்ஸ்". கேள்வியிலும் மறுப்பிலும் அந்த "ஸ்" "டஸ்"ஸுக்குப் போய்விடுவதால் வினையில் மறுபடி வராது. "ஷீ டஸ் நாட் வொர்க்" என்பதே சரி. "ஷீ டஸ் நாட் வொர்க்ஸ்" என்றால் ஒரே "ஸ்"ஸை இரண்டு இடத்தில் செலவழித்தது போல. கன்டினியூயஸில் இரண்டு துண்டுகளும் வேண்டும்: ஆம், இஸ், ஆர் ஆகியவற்றில் ஒன்று, கூடவே "இங்". ஒன்று இருந்து ஒன்று இல்லாத "ஐ ஆம் கோ", "வீ கோயிங்" இரண்டும் எந்தக் காலத்திலும் சேராது. "ஐ ஆம் வொர்க் ஹியர்" என்று உங்களை அறியாமல் வந்தால், "ஆம்" என்பதைத் தூக்கிவிட்டு மறுபடி சொல்லுங்கள்.

போனில் யோசிக்க நேரம் இருக்காது என்று உங்களுக்குக் கவலை இருக்கும். அதற்கு ஒரு வழி உண்டு: பையரின் கேள்வியில் முதல் சில சொற்களைக் காதில் பிடியுங்கள். கேள்வி "டூ யூ" என்று வந்தால் அவர் வழக்கத்தைக் கேட்கிறார். "ஆர் யூ" என்று தொடங்கி "இங்" வந்தால் இப்போது நடப்பதைக் கேட்கிறார். எந்த வடிவத்தில் கேட்டாரோ அதே வடிவத்தில் பதிலைத் தொடங்குங்கள். போன வாரம் அவர் கேட்டது அநேகமாக "வாட் யார்ன் டூ யூ யூஸ்?" என்றுதான் இருந்திருக்கும். "டூ யூ யூஸ்" என்பதில் "வீ யூஸ்" என்ற பதில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

ஒரு முழு உரையாடலை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளியும். பையர் கேட்கிறார்: "டூ யூ டை த ஃபேப்ரிக் இன்-ஹவுஸ்?" உங்களிடம் சாயப்பட்டறை இல்லை என்று வைத்துக்கொள்வோம். "நோ, வீ டோன்ட். வீ சென்ட் இட் டு அ டையிங் யூனிட்." இது கம்பெனியின் நிரந்தர ஏற்பாடு, ஆகவே "சென்ட்". அடுத்து, "ஓகே. ஹவ் இஸ் மை ஆர்டர் கோயிங்?" இப்போது "இங்" வந்துவிட்டது. அவர் இன்றைய நிலவரத்துக்கு வந்துவிட்டார். நீங்களும் கூடவே வர வேண்டும். "த நேவி ஃபேப்ரிக் இஸ் ரெடி. வீ ஆர் கட்டிங் இட் நவ். வீ ஆர் வெயிட்டிங் ஃபார் த லேபிள்ஸ்." முதல் வாக்கியத்தில் "இங்" இல்லை என்பதைக் கவனியுங்கள். "ரெடி" என்பது செயல் இல்லை, நிலை. நிலவரம் கேட்டார் என்பதற்காக எல்லாவற்றிலும் "இங்" ஒட்ட வேண்டியதில்லை.

பிறகு அவர், "ஆர் யூ வொர்க்கிங் திஸ் சண்டே?" என்கிறார். "யெஸ், வீ ஆர். நார்மலி வீ டோன்ட் வொர்க் ஆன் சண்டேஸ், பட் திஸ் சண்டே வீ ஆர் வொர்க்கிங்." இந்த ஒரு பதிலில் இரண்டு வடிவமும் அடுத்தடுத்து நிற்கின்றன. வழக்கம் ஒன்று, அதிலிருந்து இந்த வாரம் விலகல் இன்னொன்று. இப்படி ஒரே மூச்சில் இரண்டையும் சொல்ல வந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்த மாதிரி. "நார்மலி", "எவ்ரி", "யூஷுவலி" வந்தால் சிம்பிள். "திஸ் வீக்", "ரைட் நவ்", "அட் த மொமன்ட்" வந்தால் பெரும்பாலும் கன்டினியூயஸ். "டெய்லி ஐ ஆம் கோயிங்" என்ற வாக்கியத்தில் "டெய்லி" ஒரு பக்கமும் "ஆம் கோயிங்" எதிர்ப் பக்கமும் இழுக்கிறது. கேட்பவருக்கு எதை நம்புவது என்று தெரியாது. "ஐ கோ டெய்லி" அல்லது "ஐ கோ எவ்ரி டே" என்று இரண்டையும் ஒரே பக்கம் நிறுத்துங்கள்.

மேலே உள்ள சண்டே பதிலில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் வரவில்லை. இருந்தும் "வீ ஆர் வொர்க்கிங்" என்கிறோம். ஆள் சொல்லியாயிற்று, ஏற்பாடு முடிந்துவிட்டது என்றால் வரப்போகும் நாளுக்கும் கன்டினியூயஸ் வரும். "வீ ஆர் ஷிப்பிங் ஆன் ஃப்ரைடே" என்றால் வெள்ளிக்கிழமை சரக்கை அனுப்ப ஏற்பாடாகிவிட்டது. "வீ ஷிப் ஆன் ஃப்ரைடேஸ்" என்றால் எங்கள் சரக்கு எப்போதும் வெள்ளிக்கிழமைதான் போகும். இந்த இடத்தில் அஜாக்கிரதையாக இருந்தால் பணமே மாட்டிக்கொள்ளும். பையர் முதலாவதைக் கேட்டுக்கொண்டு தன் கிடங்கில் நாள் குறித்துவிடுவார். ஏற்பாடு முடியவில்லை, முயல்கிறோம் என்றால் "வீ ஆர் ட்ரையிங் டு ஷிப் ஆன் ஃப்ரைடே" என்பதே நேர்மையான வாக்கியம். தூத்துக்குடியிலிருந்து கப்பல் கிளம்பும் நாள் போன்றவை அட்டவணைப்படி நடப்பவை என்பதால் அவற்றுக்கு சிம்பிள் பிரசன்டே போதும்: "த வெசல் லீவ்ஸ் ஆன் சண்டே."

"இப்போது" என்பதையும் கொஞ்சம் அகலமாக எடுத்துக்கொள்ள வேண்டும். கன்டினியூயஸ் இந்த நொடிக்கு மட்டும் உரியதல்ல. ஸ்டிச்சிங் செக்ஷனில் வேலை செய்யும் ஒருவரை இந்த மாதம் மட்டும் செக்கிங்குக்கு மாற்றியிருக்கிறார்கள். நீங்கள் பேசும்போது அவர் மதியச் சாப்பாட்டில் இருந்தாலும், "ஷீ வொர்க்ஸ் இன் ஸ்டிச்சிங், பட் திஸ் மன்த் ஷீ இஸ் வொர்க்கிங் இன் செக்கிங்" என்பதுதான் சரி. கை அந்த நேரம் வேலையில் இருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டாம். அந்த ஏற்பாடு தற்காலிகமா, நிலையானதா என்று மட்டும் பாருங்கள். உங்கள் நூல் விஷயத்தில் பையர் கேட்டதும் இதைத்தான்.

"இங்" ஒட்டாத வினைகள் என்று ஒரு பட்டியலைப் பள்ளியில் கொடுத்திருப்பார்கள். நோ, வான்ட், நீட், லைக், அண்டர்ஸ்டாண்ட், ஹேவ் என்று அது நீளும். மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, தமிழே கைகொடுக்கும். "தெரியும்" என்பதை "தெரிஞ்சுக்கிட்டு இருக்கு" என்று சொல்வோமா? "வேணும்" என்பதை "வேண்டிக்கிட்டு இருக்கு" என்றால் கோயிலில் வேண்டுவதாக அர்த்தம் மாறிவிடும். "பிடிக்கும்", "போதும்" எதுவும் "கிட்டு இருக்கு" என்று வளையாது. இவை செயல்கள் அல்ல, நிலைகள். ஆங்கிலமும் இங்கே நம்மோடு ஒத்துப்போகிறது. "ஐ நோ", "வீ நீட் மோர் டைம்", "த பையர் வான்ட்ஸ் அ நியூ சாம்பிள்" என்றே வரும். கம்பெனிப் பேச்சில் அடிக்கடி வரும் இன்னும் இரண்டு: "இட் காஸ்ட்ஸ்", "இட் கன்டெய்ன்ஸ்". "த ஃபேப்ரிக் கன்டெய்ன்ஸ் ஃபைவ் பர்சென்ட் எலாஸ்டேன்" என்பீர்கள். "இஸ் கன்டெய்னிங்" என்றால் காதில் உறுத்தும்.

இந்தக் கூட்டத்தில் "ஹேவ்" மட்டும் இரட்டை வேஷம் போடும். "எனக்கு ரெண்டு அண்ணன் இருக்காங்க" என்பதில் இருப்பது நிலை. ஆகவே "ஐ ஹேவ் டூ எல்டர் பிரதர்ஸ்". "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" என்று நம் ஊரில் பரவலாகச் சொல்கிறார்கள், நமக்குள் புரிந்தும்விடுகிறது. ஆனால் "ஹேவிங்" என்றால் சாப்பிடுவது, குடிப்பது, கூட்டம் நடத்துவது போன்ற செயல்களே வெளிநாட்டவருக்கு நினைவுக்கு வரும். "சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்" என்பதற்கு "ஐ ஆம் ஹேவிங் லன்ச்" மிகச் சரி. "வீ ஆர் ஹேவிங் அ மீட்டிங்" சரி. "வீ ஆர் ஹேவிங் ஃபார்ட்டி மெஷின்ஸ்" சரியில்லை, "வீ ஹேவ் ஃபார்ட்டி மெஷின்ஸ்". "கையில இருக்கா, நடந்துகிட்டு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டால் எந்த "ஹேவ்" என்று தெரிந்துவிடும். "திங்க்" என்பதும் இப்படியே. "ஐ திங்க் த ஷேட் இஸ் டார்க்" என்பது கருத்து. "ஐ ஆம் திங்கிங் அபௌட் த ஷேட்" என்றால் இன்னும் முடிவுக்கு வரவில்லை, மனம் அதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

"ஆல்வேஸ்" என்ற சொல்லோடு மட்டும் ஜாக்கிரதையாக இருங்கள். அது வந்தால் சிம்பிள் பிரசன்ட்தானே என்பீர்கள். பெரும்பாலும் அப்படித்தான்: "யூ ஆல்வேஸ் சென்ட் த சைஸ் சார்ட் ஆன் மண்டே" என்றால் வெறும் தகவல். ஆனால் "யூ ஆர் ஆல்வேஸ் சேஞ்சிங் த சைஸ் சார்ட்" என்றும் ஆங்கிலத்தில் சொல்வார்கள். அது இலக்கணப்படி சரியே, ஆனால் அதில் சலிப்பு ஒட்டியிருக்கிறது. "எப்பப் பாரு மாத்திக்கிட்டே இருக்கீங்க" என்று தமிழில் கடிந்துகொள்கிற அதே தொனி. தெரியாமல் இதைப் பையரிடம் சொல்லிவிட்டால், குரல் எவ்வளவு தணிவாக இருந்தாலும் அவருக்குச் சுருக்கென்று இருக்கும்.

மெயில் எழுதும்போது மட்டும் வரும் சிக்கல் ஒன்றையும் உங்கள் தொழிலுக்காகச் சொல்லிவிடுகிறேன். சாயம் போடுவதற்கான "டையிங்" என்பதும் சாவதற்கான "டையிங்" என்பதும் காதுக்கு ஒன்று. எழுத்தில் சாயத்துக்கு ஒய் எழுத்துக்குப் பிறகு ஓர் இ எழுத்து வரும், மற்றதில் வராது. "இங்" சேர்க்கும்போது கடைசி இ எழுத்தை எடுத்துவிட வேண்டும் என்ற விதி "யூசிங்", "கம்மிங்" போன்றவற்றுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. இ எழுத்து தப்பினால் உங்கள் துணி சாயத்தில் இருக்கிறது என்று எழுத நினைத்து, நாங்கள் செத்துக்கொண்டிருக்கிறோம் என்று எழுதியிருப்பீர்கள். அனுப்பும் முன் அந்தச் சொல்லை ஒருமுறை பாருங்கள்.

இந்த இரண்டு வடிவங்களாலும் சொல்ல முடியாத ஒன்றும் உண்டு. அடுத்த முறை பையர் அதைத்தான் கேட்பார் என்று நினைக்கிறேன்: எத்தனை வருஷமாக கோம்டு போடுகிறீர்கள்? தமிழில் "அஞ்சு வருஷமா போடுறோம்" என்று அதே "-றோம்" வந்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டு "வீ ஆர் யூசிங் இட் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்" என்போம். "வீ யூஸ் இட் ஃபார் ஃபைவ் இயர்ஸ்" என்பதும் சரிவராது. முன்னே தொடங்கி இன்றுவரை தொடர்வதற்கு ஆங்கிலத்தில் தனி வடிவம் இருக்கிறது: "வீ ஹேவ் யூஸ்டு கோம்டு யார்ன் ஃபார் ஃபைவ் இயர்ஸ்" அல்லது "வீ ஹேவ் பீன் யூசிங் கோம்டு யார்ன் ஃபார் ஃபைவ் இயர்ஸ்". தமிழ் வாக்கியத்தில் "இத்தனை வருஷமா", "இத்தனை நாளா" என்று "-ஆ" வந்தால், சிம்பிளா கன்டினியூயஸா என்று யோசிப்பதை நிறுத்திவிட்டு "ஹேவ்" என்று தொடங்குங்கள். "ஃபார்" பக்கத்தில் கால அளவு வரும், "சின்ஸ்" பக்கத்தில் தொடங்கிய ஆண்டோ மாதமோ வரும். அதனால் அஞ்சு வருஷம் என்றால் "ஃபார் ஃபைவ் இயர்ஸ்", 2020 முதல் என்றால் "சின்ஸ் 2020".